எப்போதாவது கிடைக்கும் பரிசு ஏன் பழக்கத்தை இறுக்குகிறது? செல்போனை எடுத்துப் பார்ப்பது விகிதமா, இடைவெளியா?

தேர்வுக்கிளி

வணக்கம். ஆசிரியர் தேர்வுக்காக உளவியல் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘வலுவூட்டல் அட்டவணைகள்’ பாடத்தில் மாட்டிக்கொண்டேன். கம்பியை அழுத்தும்போதெல்லாம் தீனி கொடுத்துப் பழக்கிய எலி, தீனியை நிறுத்தினால் சீக்கிரம் விட்டுவிடுகிறதாம். எப்போதாவது மட்டும் கொடுத்துப் பழக்கிய எலி விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறதாம். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. நிறையக் கிடைத்த இடத்தைத்தானே விட மனசு வராது?

இன்னொன்று. செல்போனை அடிக்கடி எடுத்துப் பார்ப்பது ‘மாறும் விகிதம்’ என்று கையேட்டில் இருக்கிறது. அதாவது இத்தனை தடவை செய்தால் ஒரு பரிசு, ஆனால் அந்த எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். அது சரிதானா?

கடைசியாக என் சொந்தக் கதை. படிக்கும்போது கை தானாகப் போனுக்குப் போகிறது. போன வாரம் எல்லா அறிவிப்பு ஒலியையும் அணைத்துவிட்டேன். குறையும் என்று நினைத்தால், முன்பைவிட அதிகமாக எடுத்துப் பார்க்கிறேன். இது எனக்கு மட்டும்தானா?

சோம்பல்முருகன்

அட்டவணை என்றால் நான் சொல்கிறேன் தங்கச்சி. காலை 4.30க்கு எழுந்து 7 மணி வரை உளவியல், சாப்பிட்டுவிட்டு தமிழ், மதியம் தூங்கக் கூடாது. சுவரில் ஒட்டி வைத்துக்கொள். நான் அப்படித்தான் எழுதினேன். நான்காவது தடவையில் பாஸ்.

தேர்வுக்கிளி

நன்றி அண்ணா :) ஆனால் இது படிக்கிற அட்டவணை இல்லை. எப்போது பரிசு கொடுப்பது, எப்போது கொடுக்காமல் விடுவது என்கிற விதி. அதற்குப் பாடப்புத்தகத்தில் ‘அட்டவணை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மதுரை_ராக்கி

இதில் குழம்ப என்ன இருக்கிறது? எல்லாம் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள்தான். சூதாட்ட எந்திரத்தின் கைப்பிடியை இழுப்பதும் திரையைக் கீழே இழுத்துப் புதுப்பிப்பதும் ஒன்றுதான். வருமா வராதா என்று தெரியாதபோதுதான் மூளையில் டோபமைன் எகிறும். 2003இல் குரங்குகளை வைத்தே காட்டிவிட்டார்கள். பரிசு கிடைக்கும் வாய்ப்பு சரிபாதியாக இருக்கும்போது, காத்திருக்கும் நேரத்தில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் அதிகம் துடித்தன. அதனால் கையேடு சொல்வது சரி. போன் என்பது நம் பாக்கெட்டில் இருக்கும் சூதாட்ட எந்திரம்.

கூண்டுக்காரன்

பத்து வருடம் எலி, புறா ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். பழக்கதோஷத்தில் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராக்கி சொல்லும் குரங்கு ஆய்வு உண்மை. ஃபியோரில்லோ, டோப்ளர், ஷுல்ட்ஸ் மூவரும் செய்தது. ஆனால் அது சொல்வது, பரிசுக்குக் காத்திருக்கும் சில நொடிகளில் என்ன நடக்கிறது என்று. தேர்வுக்கிளி கேட்பது, பரிசு அடியோடு நின்ற பிறகும் ஏன் பழக்கம் நிற்கவில்லை என்று. இரண்டும் வேறு கேள்வி. டோபமைன் என்ற ஒரு சொல்லைப் போட்டால் இரண்டாவதற்குப் பதில் வந்துவிடாது.

முதலில் இந்த விஷயம் எப்படிக் கண்ணில் பட்டது என்று சொல்கிறேன். உளவியலாளர் ஸ்கின்னர் ஆரம்ப காலத்தில் எலிக்கான தீனி உருண்டையைத் தானே உருட்டினார். மருந்துக் கடையில் மாத்திரை உருட்டும் பலகை போன்ற ஒன்று. எட்டு எலி, ஆளுக்கு நாளைக்கு நூறு உருண்டை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கையிருப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் திங்கள் காலை பத்தரைக்குத் தீர்ந்துவிடும். விடுமுறையை உருண்டை உருட்டிக் கழிக்க மனசில்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஏன் கொடுக்க வேண்டும், நிமிடத்துக்கு ஒன்று கொடுத்தால் என்ன என்று யோசித்தார். எலிகள் நிற்கவில்லை, சீராக அழுத்திக்கொண்டே இருந்தன. 1956இல் அவரே இதை எழுதியிருக்கிறார். பிறகு ஃபெர்ஸ்டரும் அவரும் புறாக்களை வைத்து இதையே பெரிய அளவில் செய்து 1957இல் தடிமனான புத்தகமாகப் போட்டார்கள்.

‘நிறையக் கிடைத்த இடத்தை விட மனசு வராதே’ என்பதற்கு மனிதர்களை வைத்தே ஒரு பதில் உண்டு. 1939இல் ஹம்ஃப்ரீஸ் என்பவர் செய்தது. ஒரு விளக்கு எரியும், அடுத்து இரண்டாவது விளக்கு எரியுமா எரியாதா என்று ஊகிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு இரண்டாவது விளக்கு ஒவ்வொரு முறையும் எரிந்தது. இன்னொரு குழுவுக்குப் பாதி முறைதான். அப்புறம் இரண்டு குழுவுக்கும் இரண்டாவது விளக்கை அடியோடு நிறுத்திவிட்டார். முதல் குழு சட்டென்று ‘எரியாது’ என்று சொல்ல ஆரம்பித்தது. இரண்டாவது குழு ‘இந்தத் தடவை எரியும்’ என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தது. முதல் குழுவுக்கு ஆசை குறைவு என்பதல்ல விஷயம். விதி மாறிவிட்டது என்று அவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை.

செல்போன் விகிதமா என்ற கேள்விக்கு வருகிறேன். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சூதாட்ட எந்திரத்தில் பத்து தடவைக்குப் பதில் நூறு தடவை இழுத்தால், பரிசு விழும் எண்ணிக்கையும் சுமார் பத்து மடங்காகும் (கைக்காசும் போகும், அது வேறு). அதுதான் விகிதம். உங்கள் அக்கா உங்களுக்குச் செய்தி அனுப்புவது நீங்கள் எத்தனை தடவை போனைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தா? இல்லை. அவருக்குத் தோன்றும் நேரத்தில் அனுப்புவார். வந்து காத்துக்கிடக்கும், நீங்கள் அடுத்து எப்போது பார்த்தாலும் கிடைக்கும். இது மாறும் இடைவெளி. அடிக்கடி பார்ப்பதால் ஒரு செய்தி கூடக் கூடுதலாக வராது.

ஆனால் காணொளிகளை விரலால் தள்ளிக்கொண்டே போகிறீர்களே, அது விகிதத்துக்குப் பக்கத்தில் வரும். தள்ளத் தள்ளப் புதுசு வரும், பத்தில் ஒன்று பிடிக்கும். எடுத்துப் பார்ப்பது வேறு, தள்ளிக்கொண்டே இருப்பது வேறு. கையேட்டுக்காரர்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்.

மதுரை_ராக்கி

சரி சார், இடைவெளி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிவிப்பை அணைத்தால் பிரச்சினை தீர வேண்டுமே? தூண்டுதலே இல்லையே. இவருக்கு ஏன் கூடியது?

கூண்டுக்காரன்

ஒலி இருந்தவரை அது ஒரு தகவல். புறாக் கூண்டில் பச்சை விளக்கு எரியும்போது மட்டும் கொத்தினால் தீனி, சிவப்பில் எதுவும் கிடையாது என்று வைத்தால், கொஞ்ச நாளில் சிவப்பில் புறா கொத்துவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். உங்கள் போனில் ஒலிதான் பச்சை, அமைதிதான் சிவப்பு. ஒலியை அணைத்ததும் விளக்கு இல்லாத கூண்டு ஆகிவிட்டது. இப்போது எந்த நேரத்திலும் உள்ளே ஏதோ இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும்.

இது வெறும் புறாக் கதை இல்லை. இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களிடமே ஒரு ஆய்வு நடந்தது, ஃபிட்ஸ் என்பவரும் கூட்டாளிகளும் செய்து 2019இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு அறிவிப்புகளைச் சேர்த்துவைத்து நாளுக்கு மூன்று முறை மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அறிவிப்பே கிடையாது. மூன்று முறை வாங்கியவர்கள் நிம்மதியாக, கவனம் சிதறாமல் இருந்தார்கள். அறவே நிறுத்தப்பட்டவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. பதற்றமும், எதையோ தவறவிடுகிறோம் என்ற நினைப்பும் கூடியது. நீங்கள் செய்தது அந்த இரண்டாவது குழுவின் வேலை.

ஒரு வேலை செய்யுங்கள். மூன்று நாள், போனை எடுக்கும்போதெல்லாம் ஒரு தாளில் கோடு போடுங்கள். உருப்படியாக ஏதாவது இருந்தால் அந்தக் கோட்டைச் சுற்றி வட்டம். வேறு எதையும் மாற்றாதீர்கள்.

இளந்தளிர்_அம்மா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தலைப்பைப் பார்த்ததும் என் பையனுக்காகத்தான் வந்தேன். நாலு வயது. சாப்பிட உட்கார்ந்தால் போன் வேண்டும். கொடுக்க மாட்டேன் என்று உறுதியாகத்தான் இருக்கிறேன். பத்து நாளில் எட்டு நாள் கொடுப்பதில்லை. ரொம்ப அழுது மூச்சு வாங்கினால் மட்டும்தான் கொடுப்பேன். ஆனால் அழுகை குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது. பாராட்டுப் பரிசு கொடுக்கலாமா? எந்தப் பரிசு நல்லது?

கூண்டுக்காரன்

அம்மா, நீங்கள் வேறு கேள்வி கேட்பதாக நினைக்கிறீர்கள். இழையின் கேள்வியே இதுதான்.

பத்தில் எட்டு நாள் கொடுக்காமல் இருப்பதை நீங்கள் கண்டிப்பு என்று பார்க்கிறீர்கள். பையன் பக்கம் நின்று பாருங்கள். அழுதால் ஐந்தில் ஒரு தடவை கிடைக்கும். அதுவும் சின்ன அழுகைக்கு இல்லை, மூச்சு முட்டும் அழுகைக்குத்தான். ஒரு ஆய்வகத்தில் என்னிடம் ‘நீண்ட நேரம் விடாமல் அழும் குழந்தை ஒன்று வேண்டும்’ என்று கேட்டால் நானும் இதே முறையைத்தான் கையாண்டிருப்பேன். சின்ன முயற்சிக்குக் கொடுப்பதை நிறுத்து, பெரிய முயற்சிக்கு எப்போதாவது கொடு, அளவை மெதுவாக ஏற்று. திட்டுவதற்காகச் சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது.

கொடுப்பதாக இருந்தால் கேட்ட உடனே, அழுவதற்கு முன்பே கொடுங்கள். எவ்வளவு நேரம் என்று சொல்லிக் கொடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் கிடையாது என்றால் ஒரு நாள் கூடக் கிடையாது. முதல் சில நாள் அழுகை வழக்கத்தைவிட மோசமாகலாம். பரிசு நின்றதும் எலிகூட ஆரம்பத்தில் கம்பியை வெறித்தனமாக அழுத்தும், கடிக்கும். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில்தான் ‘இந்த முறை பலிக்கவில்லை’ என்று போனைக் கொடுத்துவிடுவார்கள். அதோடு பையன் அந்த உயரத்தையும் கற்றுக்கொள்வான். உங்களால் தாங்க முடியாது என்று தோன்றினால் இப்போது ஆரம்பிக்காதீர்கள். பாதியில் விடுவதைவிட அது மேல்.

இளந்தளிர்_அம்மா

நான் கொடுக்காவிட்டாலும் மாமியார் கொடுத்துவிடுவார். அதை எந்த எலியிடம் போய்ச் சொல்ல?

சோம்பல்முருகன்

அம்மா சொன்னதைப் படித்ததும் எங்கள் கடை நினைவுக்கு வந்தது. கடன் கேட்டால் கொடுப்பதில்லை என்று பலகை வைத்திருக்கிறேன். ஆனால் மூன்று நாள் விடாமல் வந்து நின்றால் கொடுத்துவிடுவேன். இப்போது எல்லோரும் நான்கு நாள் வந்து நிற்கிறார்கள். நானே பழக்கிவிட்டேனோ?

கூண்டுக்காரன்

ஆமாம் முருகன். அச்சு அசலாக அதேதான்.

தேர்வுக்கிளி

மூன்று நாள் தாள் இதோ. மொத்தம் 288 கோடு. வட்டம் போட்டது 36. எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு 96 தடவை எடுத்து, 12 தடவைதான் ஏதோ இருந்திருக்கிறது. மற்றதெல்லாம் சும்மா திறந்து சும்மா மூடியது. பாதி தடவை எதற்கு எடுத்தேன் என்றே நினைவில்லை.

கணக்கன்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த எண்களை வைத்துக் கொஞ்சம் விளையாடலாம். விழித்திருப்பது 16 மணி நேரம் என்று வைத்தால், 10 நிமிடத்துக்கு ஒரு தடவை எடுக்கிறீர்கள், உருப்படியான செய்தி சராசரியாக 80 நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. எட்டில் ஒரு தடவை பலன்.

இப்போது உலகமே உங்களுக்குச் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது உங்களுக்கு எப்போது உறைக்கும்? தொடர்ந்து ஐந்து தடவை பார்த்து ஒன்றும் இல்லை. சாதாரண நாளிலேயே அதற்கு வாய்ப்பு சரிபாதிக்குச் சற்று மேல். எந்தச் சந்தேகமும் வராது. இருபது தடவை பார்த்தும் ஒன்றும் இல்லை என்றாலும், சாதாரணமாகவே நூற்றில் ஏழு வாய்ப்பு உண்டு. ‘இன்றைக்கு மந்தமாக இருக்கிறது’ என்றுதான் நினைப்பீர்கள். எப்போதும் ஏதாவது இருந்தே பழகியவருக்கு இரண்டாவது தடவையிலேயே விளங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம். இதில் மர்மம் எதுவும் இல்லை, எலி புள்ளியியல் செய்கிறது.

இன்னொன்று. செய்திகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் வருவதாக வைத்தால், 10 நிமிடம் கழித்துப் பார்க்கும்போது ஏதாவது இருக்க வாய்ப்பு நூற்றில் சுமார் 12. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நூற்றில் சுமார் 78. கிடைக்கும் செய்தி அதே 12தான், வெற்றுப் பார்வைகள்தான் காணாமல் போகின்றன. ஆக நேரம் குறித்து வைத்துப் பார்த்தால், எப்போதாவது கிடைப்பது என்பது கிட்டத்தட்ட எப்போதும் கிடைப்பதாகிவிடும். அப்படிப்பட்ட பழக்கம் அணைவதும் சுலபம் என்று கூண்டுக்காரன் சாரே சொல்லிவிட்டார். முடிந்தது வேலை.

கூண்டுக்காரன்

முதல் பாதி அருமை. பரிசு நின்றுவிட்ட வேற்றுமை தெரியாததால்தான் விடுவதில்லை என்ற எண்ணம் 1945லேயே மௌரர், ஜோன்ஸ் இருவரிடமும் இருக்கிறது. 2012இல் கேலிஸ்டல் அதைப் புள்ளியியல் மொழியில் திரும்பக் கொண்டுவந்தார்.

ஆனால் உங்கள் கடைசி வரியில் ஒரு குழி இருக்கிறது. எலியை முதலில் எப்போதாவது பரிசு என்று பழக்குங்கள். பிறகு வெகுநாள் ஒவ்வொரு முறையும் பரிசு கொடுங்கள். அதற்குப் பிறகு நிறுத்துங்கள். உங்கள் கணக்குப்படி எலிக்கு இப்போது வேற்றுமை பளிச்சென்று தெரிய வேண்டும், உடனே விட வேண்டும். 1962இல் தியோஸ் எலிகளிடமும் ஜென்கின்ஸ் புறாக்களிடமும் இதைச் செய்து பார்த்தார்கள். பழைய பிடிவாதம் போகவில்லை. நடுவில் இருந்த தாராளக் காலம் அதை அழிக்கவில்லை.

அதனால்தான் கப்பால்டி சொன்ன விளக்கம் எனக்குப் பிடிக்கும். எலி கற்றுக்கொள்வது எத்தனைக்கு எத்தனை என்ற விகிதத்தை மட்டும் அல்ல. ‘இப்போதுதான் வெறுமையாக இருந்தது, ஆனால் அடுத்து கிடைத்தது’ என்ற வரிசையைக் கற்றுக்கொள்கிறது. அப்புறம் வெறுமையே தொடர்வதற்கான அடையாளமாகிவிடுகிறது. எட்டில் ஏழு தடவை ஏமாந்தவருக்கு ஒன்பதாவது ஏமாற்றம் நிறுத்தற்குறி ஆகாது. அது அவருக்குப் பழகிய சாலை. ஆம்செல் இதையே எரிச்சல் என்ற உணர்ச்சியை வைத்து விளக்கினார். எரிச்சலோடேயே தொடர்ந்து போகப் பழகிவிட்டது என்று. எது சரி என்பதில் எங்கள் ஆய்வகத்திலேயே இரண்டு கட்சி இருந்தது. டீக்கடை வரை சண்டை வரும்.

கணக்கன்

சார், ஒரு ஆட்சேபணை. எலியிடம் ‘இனிமேல் தீனி கிடையாது’ என்று சொல்ல முடியாது. மனிதனிடம் சொல்லலாம். சொன்னதும் நிறுத்திவிடுவானே? தேர்வுக்கிளிக்கு நள்ளிரவில் யாரும் செய்தி அனுப்ப மாட்டார்கள் என்று நன்றாகவே தெரியும். அப்புறமும் எடுக்கிறார் என்றால், அது பரிசுக்காக எடுப்பதாகவே தெரியவில்லை. கை சும்மா போகிறது. அதற்கு இந்த அட்டவணைக் கதை எதற்கு?

கூண்டுக்காரன்

நியாயமான அடி. 2012இல் ஓலாஸ்விர்தா குழுவினர் போன் பயன்பாட்டைப் பதிவு செய்து பார்த்தபோது, சட்டென்று திறந்து சட்டென்று மூடும் சின்னச் சின்னப் பார்வைகள் நிறைய இருந்தன. அவர்கள் அதைப் பழக்கம் என்றே சொன்னார்கள். சலிப்பு, வரிசையில் நிற்பது, பக்கம் புரட்டுவது என்று இடமும் சூழலும் இழுக்கிறது, பரிசை எதிர்பார்த்தல்ல. அட்டவணை அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது என்று நான் சொல்வேன். இன்றைக்கும் அதுதான் தாங்கி நிற்கிறதா என்று கேட்டால், எவ்வளவு தூரம் என்று எனக்கு உறுதி இல்லை.

தேர்வுக்கிளி

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். செய்தது இதுதான்: வீட்டாரின் அழைப்புக்கு மட்டும் ஒலி வைத்தேன். மற்ற எல்லாம் ஊமை, காலை 8, மதியம் 1, மாலை 6, இரவு 9 மட்டும் பார்ப்பது. போன் அடுத்த அறையில்.

முதல் இரண்டு நாள் கொடுமை. எழுந்து எழுந்து அந்த அறைக்குப் போனேன். மூன்றாவது நாள் மாலை நேரம் தப்பிப் பார்த்தேன், பார்த்தால் தோழியிடமிருந்து நல்ல செய்தி. அன்று இரவு வரை பத்து தடவை எடுத்திருப்பேன். கூண்டுக்காரன் சார் சொன்ன ‘வெறுமைக்குப் பின் கிடைத்தது’ அப்போதுதான் புரிந்தது. அப்புறம் சரியாகி, இரண்டாவது வாரம் நாளைக்கு பதினைந்து தடவைக்குள் வந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் பழைய கதைதான். நாளைக்கு எழுபது, எண்பது. இங்கே திரும்பியதும் மறுபடி இறங்கிவிட்டது. இது என்ன கூத்து?

கூண்டுக்காரன்

பூட்டன் என்பவர் வெகுகாலம் ஆராய்ந்த விஷயம் இது. அணைந்த பழக்கம் அழிவதில்லை. ‘இந்த இடத்தில் இப்போது கிடையாது’ என்று மேலே ஒரு புதுப் பாடம் ஏறுகிறது, அவ்வளவுதான். அந்தப் புதுப் பாடம் கற்ற அறையோடு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் அணைத்தது உங்கள் படிப்பறையில். திண்ணையில் இன்னும் அணைக்கவில்லை. இளந்தளிர் அம்மாவுக்கும் இது பொருந்தும், பாட்டி வீட்டில் எல்லாம் முதலிலிருந்து.

இளந்தளிர்_அம்மா

பாட்டி எங்கள் வீட்டிலேயேதான் இருக்கிறார் சார். ஆனால் ஒன்று நடந்தது. உங்கள் பதிலை அவரிடம் படித்துக் காட்டினேன். ‘கொடுத்தால் முதலிலேயே கொடு, இல்லையென்றால் கொடுக்காதே என்று நான் அப்போதே சொன்னேனே’ என்கிறார். சொல்லவே இல்லை. ஆனால் ஆறு நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் தன் இடுப்பில் செருகிக்கொள்கிறார். நேற்று அழுகை ஐந்து நிமிடம்தான்.

தேர்வுக்கிளி

கடைசியாக ஒன்று. தேர்வில் ‘செல்போனை அடிக்கடி பார்த்தல்’ எந்த அட்டவணை என்று கேட்டால் எதைக் குறிக்க? இடைவெளி என்பதுதான் சரி, ஆனால் அப்படிக் குறித்தால் மதிப்பெண் போய்விடும்.

கூண்டுக்காரன்

விகிதம் என்றே குறியுங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு மாணவர்களிடம் இடைவெளி என்று சொல்லுங்கள்.